ஆர்டர் ஏற்கும் குரல்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பொறியியல் முடித்துவிட்டு, தென்னூரில் ஒரு துணிக்கடையின் மாடியில் நடந்த சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். வேலை இதுதான்: திருச்சியைச் சுற்றிக் கைவேலை செய்கிறவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே விற்கும்படி ஓர் இணையச் சந்தை. ஒரே தளம், பல கடைகள். பாய் முடைகிறவர், கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர், பொம்மை செய்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் தனிக் கடை. நிறுவனத்தை நடத்தியவர் துணிக்கடைக்காரரின் மகன். நாங்கள் அவரை சார் என்போம். மென்பொருளை எழுதியது நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

நான் அதிகம் பெருமைப்பட்டது ஒரு வசதியைப் பற்றி. விற்கிறவர்களில் பலருக்குத் தட்டச்சு வராது. என் அம்மாவுக்கும் வராது. அதனால் ஆர்டர் வந்ததும் பொருளின் படமும் எண்ணிக்கையும் அவர்களுடைய வாட்ஸ்அப்புக்குப் போகும். அவர்கள் மைக்கை அழுத்தி 'சரி' என்று பேசி அனுப்பினால் போதும். அந்தக் குரல் என் திரைக்கு வரும். நான் கேட்டுவிட்டு 'ஏற்கப்பட்டது' என்று அழுத்துவேன். ஒரு நாளுக்குள் குரல் வராவிட்டால் ஆர்டர் தானாக ரத்தாகிவிடும். எழுத்தே தெரியாமல் கடை நடத்தலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சமயபுரத்து அம்மாவை நானேதான் சேர்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. நேர்த்திக்கடன் தகடு அடிக்கிற தொழில். கண் நோவு தீர வேண்டிக்கொண்டவர்கள் கண் வடிவத் தகடான கண்மலரை வாங்கிச் சாமிக்குச் செலுத்துவார்கள். கால் வலிக்குக் கால், வயிற்று வலிக்கு வயிறு, பிள்ளை இல்லாதவர்களுக்குத் தொட்டில். இரும்பு அச்சின் மேல் மெல்லிய தகட்டை வைத்து, அதன் மேல் ஈயத்துண்டை வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். நான் போனபோது சுவர் முழுக்க ஆணியில் கண்கள் தொங்கின. மின்விசிறிக் காற்றில் அவை ஒன்றோடொன்று உரசி மெல்லச் சத்தமிட்டன.

பான் கார்டைப் படம் எடுத்தேன். அவருடைய வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தேன். கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று வங்கி திருப்பிச் சொல்லும். அதுவும் பான் கார்டும் ஒத்துப்போனால்தான் கடை திறக்கும்.

"ஒரு ரூவா போட்டு என்னைய சோதிக்கிறியா?" என்று சிரித்தார்.

"உங்களை இல்லம்மா, பேங்கை."

"கமிசன் எம்புட்டு?"

"நூத்துக்குப் பத்து. பொருள் விலைக்கு மட்டும்தான். கூரியர் காசுக்கு எடுக்க மாட்டோம்."

"ஆத்தாளுக்குப் போற கண்ணுல உனக்குப் பத்து பங்கா? பாத்துக்க, ஆத்தா கேட்டா நான் உன்னையத்தான் கையக் காட்டுவேன்."

அவர் இன்னொன்றும் சொன்னார். தகட்டை நோவு உள்ள இடத்தில் ஒற்றி எடுத்துத்தான் செலுத்துவார்கள். ஒற்றியதைத் திரும்ப வாங்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது. அதனால் அந்த வகைப் பொருளுக்குத் திரும்பப் பெறுதல் கிடையாது என்று விதியை மாற்றினேன். மற்றக் கடைகளுக்குப் பொருள் போய்ச் சேர்ந்து, திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகே பணம். இவருக்கு அந்தக் கெடு இல்லாததால், பொருள் சேர்ந்த அடுத்த புதன்கிழமையே பணம் போய்விடும். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் என்பதால் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கலாம். அதுவே அவருக்குத் தாராளமாக இருந்தது.

அவர் குரல் எனக்குப் பிடிக்கும். ஒரு செருமல், பிறகு, "சரி சாமி, அனுப்பிடுறேன். ஆத்தா பாத்துக்குவா." காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே காதில் மாட்டிக் கேட்டு அழுத்திவிடுவேன்.

சில மாதங்கள் கழித்து அந்தக் கடையிலிருந்து பொருள் போவது நின்றது. குரல் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் "சரி சாமி, அனுப்பிடுறேன்" என்று வந்தது. ஆனால் கூரியர்காரர் போனால் கதவு பூட்டியிருக்கிறது என்றார். தாமதம் கூடியதால் மென்பொருள் அந்தக் கடையைப் பட்டியலில் கீழே தள்ளியது. இரண்டு வாரத்துக்கும் மேல் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் மொத்தமும் ஒன்றாகக் கிளம்பியது. எல்லாம் சரியான பொருள், சரியான எண்ணிக்கை. ஒரு புகாரும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு காலையில், பாலம் ஏறும்போது, அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. 'ஆத்தா' என்ற சொல்லின் மேலேயே விழுந்தது. அடுத்த ஆர்டரின் குரலைக் கேட்டேன். 'ஆத்தா' என்றார், ஹாரன் அடித்தது. முந்தைய நாளுடையதைக் கேட்டேன். அதிலும் அப்படியே.

அலுவலகம் போனதும் பழைய கோப்புகளைப் பார்த்தேன். தாமதம் தொடங்கிய நாளிலிருந்து வந்த எல்லாமே ஒரே நீளம், ஒரே அளவு. வாட்ஸ்அப்பிலிருந்து வந்த மூலப்பதிவைத் திறந்தால், ஒவ்வொன்றிலும் 'ஃபார்வர்டு' என்ற குறி இருந்தது, பழைய பதிவையே மறுபடி அனுப்பியது என்று. குரலை மட்டும் எடுத்துக் காட்டும்படி நான் எழுதியிருந்ததால் அந்தக் குறி திரைக்கு வரவேயில்லை.

சாரிடம் காட்டினேன். அவர் சிரித்தார்.

"கெட்டிக்காரம்மா. ஒரு தடவை பேசிட்டு அதையே தட்டி விடுறாங்க. நீயும் நானும் மெயில்ல பண்றதில்லையா?"

அப்படியும் இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்று பிற்பகலே ஒரு வாடிக்கையாளர் கேட்டார், கால் தகடு இடது காலா வலது காலா என்று. நான் அந்தக் கேள்வியைக் குரலாகவே அனுப்பினேன்: "அம்மா, இடதா, வலதா?"

பதில் வந்தது. செருமல். "சரி சாமி, அனுப்பிடுறேன். ஆத்தா பாத்துக்குவா."

மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே செருமல், அதே ஹாரன்.

நேரே கூப்பிட்டேன். மணி நெடுநேரம் அடித்து, எடுக்கப்பட்டது. "அம்மா?" என்றேன். யாரும் பேசவில்லை. தூரத்தில் சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது. ஓர் அடி, ஒரு நிறுத்தம், ஓர் அடி. மூச்சுச் சத்தம் போனுக்கு மிக அருகில் கேட்டது. "அம்மா, கேக்குதாங்க?" சுத்தியல் நிற்கவே இல்லை. இணைப்பைத் துண்டித்தேன். உடனே வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. நான் அதைத் திறக்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"யார் மூச்சு அது? சுத்தியல் அவ்வளவு தூரத்துல கேக்குதே," என்று சாரிடம் கேட்டேன்.

"நேர்ல போய்ட்டு வந்துரு. மொகம் வெளுத்துப்போய் உக்காந்திருக்காத," என்றார்.

மறுநாள் வெயிலிலேயே போனேன். சந்துக்குள் நுழையும்போதே சுத்தியல் கேட்டது. கதவு திறந்திருந்தது. உள்ளே என் வயதுள்ள ஒரு பெண் அச்சின் முன்னால் குந்தி அடித்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். அடி, நிறுத்தம், அடி. சுவரில் தொங்கிய கண்கள் எல்லாம் என் பக்கம் இருந்தன. அவள் முதுகு மட்டும் அசைந்தது. பக்கத்துச் சுவரில் மாலை போட்ட புகைப்படம் ஒன்று. அந்த அம்மா.

என் நிழல் அச்சின் மேல் விழுந்ததும் அவள் துள்ளி எழுந்தாள். என் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்ததும் அவள் கை போனைத் தேடியது. அவசரமாக எதையோ தட்டினாள். என் பையில் இருந்த அலுவலக போன் அதிர்ந்தது. எடுத்து அழுத்தினேன். புகைப்படத்துக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு அந்தக் குரலைக் கேட்டேன். "சரி சாமி, அனுப்பிடுறேன்."

பேசிவிட்டவளைப் போல அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டில் எலுமிச்சை மாலை கட்டுகிற அக்கா அதற்குள் ஓடி வந்தார்.

"கம்பெனியிலேருந்தா? அந்தம்மா மக இவ. அவளுக்குக் காது கேக்காது பாப்பா. பேச்சும் வராது. பொறந்ததுலேருந்தே அப்படித்தான்."

"அம்மா எப்ப...?"

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நெஞ்சு வலின்னுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு. கருமாதி முடியுற வரைக்கும் தீட்டு வீட்டுல தகடு அடிக்கக் கூடாதுல்ல, அதான் பூட்டிட்டு என் வீட்டுல கெடந்தா. முடிஞ்ச மறுநாளே உக்காந்துட்டா."

"நேத்து போனை எடுத்தது யாருங்க?"

"அவதான். அச்சு சரி பண்ண ஆசாரி ஒருத்தரு வந்து வெளிய அடிச்சுக்கிட்டு இருந்தாரு. கட் பண்ணா நீங்க திரும்பத் திரும்பக் கூப்புடுவீங்களாம். அதான் எடுத்து அப்படியே புடிச்சுக்கிட்டு இருந்திருக்கா."

மெல்ல மெல்லப் புரிந்தது. படம் வரும், அம்மா மைக்கை அழுத்தி வாயசைப்பார், பிறகு கூரியர்காரர் வருவார். பக்கத்தில் இருந்து அவள் பார்த்தது அவ்வளவுதான். அம்மா போன பிறகும் படம் வந்தது. அம்மா கடைசியாக அனுப்பிய ஒன்றை எடுத்து அவள் அனுப்பினாள். அது வேலை செய்தது. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஹாரன் இருப்பது தெரியாது, செருமல் தெரியாது. ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. தான் ஒருபோதும் கேட்டிராத ஒரு சத்தத்தை அவள் கதவைத் திறக்கும் சாவி போலப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள்.

அக்காவின் கையைத் தட்டி அவள் ஏதோ சைகை செய்தாள். தொண்டையைத் தொட்டாள், போனைக் காட்டினாள், புகைப்படத்தைக் காட்டினாள்.

"அம்மா அதுல என்ன சொல்லியிருக்குன்னு கேக்குறா. நான் ஒண்ணும் சொல்லலை, எனக்கே கேக்கப் பயமா இருக்கு," என்றார் அக்கா.

நான் சொன்னேன். அக்கா கையால் அதை அவளுக்குச் சொன்னார். 'ஆத்தா' என்பதற்குக் கோயில் இருக்கும் திசையைக் காட்டினார். அவள் நெடுநேரம் அந்தத் திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று நடிக்க வழியில்லை. கடை ஒரு பெயரில் இருக்கிறது, அந்தப் பெயருக்குரியவர் இல்லை. அவள் அம்மாவின் ஏ.டி.எம். கார்டில் பணம் எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றே சார் சொன்னார்:

"தெரிஞ்சதுக்கப்புறம் அந்தக் கணக்குக்கு அனுப்பக் கூடாதும்மா. நிறுத்து. பேங்க்ல நாமினி யாரு?"

"அவதான் சார்."

"அப்ப இறப்புச் சான்றிதழ் குடுத்து கணக்குல இருக்கிறதை அவ வாங்கிக்கட்டும். நம்மகிட்ட நிக்கிறதை வாரிசுன்னு காகிதம் வந்ததும் குடுத்துடலாம். கடை வேணும்னா அவ பேர்ல புதுசா சேரணும்."

"சேத்துடுறேன்" என்றேன். அவ்வளவு எளிதாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

ஆதாரை வைத்துப் பான் எண் வாங்கினோம். உதவித்தொகை வருவதற்கென்று அவள் பெயரில் ஏற்கனவே ஒரு வங்கிக் கணக்கு இருந்தது. ஒரு ரூபாய் அனுப்பினேன், பெயர் ஒத்துப்போனது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத விற்பனையாளருக்கு அரசுத் தளத்தில் வாங்க வேண்டிய எண்ணும் கிடைத்தது. கடைசியாக வீடியோ சரிபார்ப்பு. அதை ஒரு வெளி நிறுவனம் செய்தது. திரையில் நான்கு எண்கள் வரும், விற்பனையாளர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அம்மா சேர்ந்த பிறகு வந்த புது விதி அது; எண்ணை வாயால் சொல்லும் முறையைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். எழுதத் தெரியாதவர்களும் எண்ணைச் சொல்லிவிடுவார்களே என்று.

அவள் வீட்டிலேயே என் மடிக்கணினியில் அழைப்பை எடுத்தோம். வேறு யாரும் திரையில் தெரியக் கூடாது என்ற விதிப்படி நானும் அக்காவும் கதவுக்கு வெளியே நின்றோம். திரையில் ஓர் இளைஞர்.

"மேடம், நம்பரைப் படிங்க."

அவள் எண்களைப் பார்த்தாள். அவளுக்கு எண் படிக்கத் தெரியும். விரல்களைக் காட்டினாள்.

"மேடம், ஆடியோ வரல. மியூட்ல இருக்கீங்களா?"

அவள் அவருடைய வாயையே பார்த்தாள். அவர் பொறுமையிழப்பது முகத்தில் தெரிந்தது. "கட் பண்ணட்டுமா மேடம்?" அழைப்பைத் துண்டிக்க அவர் கை போனதும் அவள் பயந்துபோனாள். பக்கத்தில் கிடந்த அம்மாவின் போனை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, ஒரே ஒரு தட்டு.

செருமல். "சரி சாமி, அனுப்பிடுறேன். ஆத்தா பாத்துக்குவா."

அவள் உதடு அசையவில்லை. வயதான ஒரு பெண்ணின் குரல் அந்த அறைக்குள் இருந்து வந்தது. திரையில் இருந்தவர் பின்னால் சாய்ந்தார். "பக்கத்துல யாரு? அங்க யாரு இருக்கா?" என்றார். அவள் மறுபடியும் தட்டினாள். நான் உள்ளே ஓடுவதற்குள் அழைப்பு அறுந்தது.

சற்று நேரத்தில் என் திரையில் முடிவு வந்தது: ஆள் மாறாட்டம், சந்தேகம், நிராகரிப்பு.

சார் அன்று சிரிக்கவில்லை.

"ஆள் மாறாட்டம்னு ஒண்ணு ரெக்கார்டுல ஏறுனா, பேமென்ட் கம்பெனி நம்ம எல்லாக் கடை பணத்தையும் நிறுத்தி வெச்சுக் கேள்வி கேக்கும். பாய்க்காரர், பொம்மைக்காரம்மா, எல்லாருக்கும் புதன்கிழமை பணம் போகாது. ஒருத்திக்காக நான் அத்தனை பேரை மாட்டிவிட முடியாது. வேற தொழில் பாத்துக்கச் சொல்லு."

"அவளுக்கு வேற தொழில் கிடையாது சார். கோயில் வாசல் கடைக்காரங்க அடிமாட்டு விலைக்குத்தான் எடுப்பாங்க. நம்மகிட்டதான் அவ பேருக்கு விலை கிடைக்குது."

"அம்மா பேருக்கு."

"தகடு அடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? ரெண்டு மாசமா ஒரு புகார் வரலையே."

அவர் மேசையில் இருந்த பில்களை அடுக்கத் தொடங்கினார். நான் விடவில்லை. "நம்பரை வாயால சொல்லணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. ஆள் உயிரோட எதிர்ல இருக்காங்களான்னு தெரியணும், அவ்வளவுதான். விரல் காட்டினாலும் தெரியும்."

"எழுது," என்றார் கடைசியில். "நடந்தது எல்லாத்தையும். நீயே எழுதி நீயே கையெழுத்துப் போடு. தப்பாப் போனா உன் பேருதான் நிக்கும்."

எழுதினேன். குரல் எங்கிருந்து வந்தது, யாருடையது, எதற்காக ஒலித்தது என்று ஒன்றையும் விடாமல் எழுதி, மாற்றுத்திறனாளிச் சான்றிதழை இணைத்து, என் முழுப் பெயரைப் போட்டேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எதன் அடியிலும் பெயர் எழுதியதில்லை. பயமாகத்தான் இருந்தது. பேசாதவர்களுக்கு விரலால் எண் காட்டும் முறை அவர்களிடம் ஏற்கனவே இருந்தது, நாங்கள் கேட்டால் திறந்துவிடுவார்கள் என்று அந்த நிறுவனத்திலிருந்து பதில் வந்தது.

இரண்டாம் முறையும் அதே இளைஞர்தான் வந்தார். இந்தத் தடவை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. எண்கள் திரையில் வந்தன. அவள் ஒவ்வொன்றாக விரல் விரித்தாள். அந்த அறையில் மின்விசிறியும் தகடுகளின் உரசலும் மட்டும் கேட்டன. அவள் தலைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்கள். அவர் தன் திரையில் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவருடைய பார்வை அவளிடம் நிற்கவில்லை. முடிந்ததும் எனக்கு அழைத்தார்.

"அப்ரூவ் பண்ணிட்டேன் மேடம். ஒண்ணு கேக்கட்டுமா? அந்தச் செவுத்துல..."

"விக்கிறதுக்குங்க. கண்மலர்."

"ஓ. சரிங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன். ஒரு ஜோடி எவ்வளவு?" என்றார்.

அவள் பெயரில் கடை திறந்தது. முதல் ஆர்டர் அவருடையது. குரலுக்குப் பதிலாகப் படத்தின் அடியிலேயே ஒரு பச்சைப் பொத்தான் வைத்திருந்தேன். அவள் அதை அழுத்தியதும் என் திரையில் 'ஏற்கப்பட்டது' என்று மாறியது. சத்தமே இல்லாமல். அடுத்த புதன்கிழமை பணம் அவள் கணக்குக்குப் போனது.

வாரிசுக் காகிதம் வந்ததும் எங்களிடம் நின்ற பழைய பணத்தையும் அவளுக்குக் கொடுத்தோம். பழைய கடையை மூடும் வேலை மட்டும் பாக்கி இருந்தது. கடையை மூட, அந்த எண்ணிலிருந்தே சம்மதம் வர வேண்டும் என்பது விதி. அம்மாவின் போன் அவளிடம்தான் இருக்கிறது. கடையின் படத்தையும், மூடியதற்கான அடையாளத்தையும் அதற்கு அனுப்பிவிட்டு, போய் உட்கார்ந்து சைகையால் சொன்னேன்: அந்த ஒன்றை அனுப்பு, போதும்.

அவள் போனைக் கையில் வாங்கினாள். அந்தக் குரல் இருந்த இடத்துக்குப் போனாள். விரல் அதன் மேல் நின்றது. பிறகு தலையை ஆட்டி, போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

நானே உள்ளிருந்து அதை மூடிவிடலாம். எனக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. செய்யவில்லை. அந்தக் கடைக்கு எதிரில் 'பதிலுக்குக் காத்திருக்கிறது' என்று இருக்கிறது. வாங்குகிறவர் யார் கண்ணிலும் அந்தக் கடை படாது. ஒவ்வொரு புதன்கிழமையும் பணம் அனுப்பும் வேலை வரிசையாக ஓடும்போது அங்கேயும் ஒரு கணம் நிற்கிறது. அனுப்ப எதுவும் இல்லை என்று கண்டு, அடுத்த கடைக்குப் போகிறது.